செய்திப் படத்தில் நின்ற கீழவீட்டு மாமா

வளைகுடாவுக்குப் போய் ஏழு வருடமாகத் தொடர்பே இல்லாமல் போன ஒருவரை, ஒரே ஒரு செய்திப் படத்தை வைத்துத் தேடிப் பிடித்து ஊருக்கு அனுப்பிய கதை இது. யாராவது நாலு விஷயத்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் என் அலைச்சல் பாதியாகியிருக்கும், அவர் வீட்டில் போன பணமும் போயிருக்காது. அதனால்தான் கொஞ்சம் விலாவாரியாக எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். முதுகுளத்தூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எங்களுக்குக் கீழவீடு, முறைக்கு மாமா.

நான் துபாயில் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீசியன், சோனாப்பூர் கேம்ப்பில் இருக்கிறேன். 2024 செப்டம்பர் 1 அன்று அமீரகத்தில் பொதுமன்னிப்பு தொடங்கியது. விசா முடிந்தும் தங்கியிருப்பவர்கள் அபராதம் கட்டாமல், மறுபடி வரத் தடையும் இல்லாமல் ஊருக்குப் போகலாம், அல்லது விசாவைச் சரிசெய்துகொண்டு இங்கேயே இருக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். கேம்ப் முழுக்க இதே பேச்சு. ஒரு ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கையில் கிடந்தபடி போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். யாரோ அனுப்பிய செய்தியில், துபாய் அல் அவீர் குடியேற்ற மையத்தில் போட்ட கூடாரமும் உள்ளே கூட்டமும் படமாக வந்திருந்தது. முன்னால் நாற்காலியில் நாலைந்து பேர் கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கூடாரக் கம்பத்தை ஒட்டி ஒருவர் நின்றார். முகம் பாதிதான் தெரிந்தது. ஆனால் இடது தோள் இறங்கியிருந்தது, துண்டை நாலாக மடித்து உச்சந்தலையில் வைத்திருந்தார்.

எங்கள் பக்கம் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் பிழைப்பு. கரி மூட்டையை எப்போதும் ஒரே தோளில் தூக்கித் தூக்கி மாமாவுக்கு அந்தத் தோள் இறங்கிவிட்டது. மூட்டை இல்லாத நேரத்திலும் துண்டு தலையில்தான் இருக்கும். விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கட்டம் கட்டமாக உடைந்ததே தவிரத் தெளியவில்லை. ஆனாலும் அது அவர்தான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. கை நடுங்கியது.

மாமா 2015-இல் வந்தவர். ஏஜென்ட்டுக்குக் கட்ட ஒரு லட்சத்து இருபதாயிரம் வட்டிக்கு வாங்கினார். முதல் இரண்டு வருடம் ஒழுங்காகப் பணம் வந்தது. 2017 தீபாவளிக்குப் பேசியதுதான் கடைசி. அப்புறம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. அங்கே வேறு குடும்பம் வைத்துவிட்டார் என்றார்கள், செத்துவிட்டார் என்றார்கள். அத்தை பொட்டும் வைக்க முடியாமல், எடுக்கவும் முடியாமல் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டைத் தொட விடாமல் ஒரு கிழவி அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். இராமநாதபுரத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு மேல் மனு கொடுத்தார். எல்லா மனுவிலும் பெயர், ஊர், ‘துபாய் போனவர்’, அவ்வளவுதான். பாஸ்போர்ட் எண் எதிலும் இல்லை. அந்த எண் இல்லாமல் இங்கே தூதரகத்துக்கு மனு வந்து சேர்ந்தாலும், அவர்கள் எந்த ஆளை எங்கே தேடுவார்கள்? உங்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருந்தால், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா ஒட்டிய பக்கம் மூன்றையும் இன்றைக்கே நகலெடுத்து வீட்டில் வையுங்கள். எங்கள் கதையில் கடைசியில் கை கொடுத்தது அப்படி ஒரு நகல்தான்.

அன்றைக்கே அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. தோளையும் துண்டையும் வைத்து நான் நம்பலாம். ஏழு வருடம் காத்திருந்தவரிடம் அதைச் சொல்லிவிட்டு, அப்புறம் ‘இல்லை அத்தை, வேற ஆளு’ என்று சொல்வதற்கு எனக்குத் தெம்பு இல்லை. ஆளை நேரில் பார்க்கிற வரை வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். இந்த முடிவு சரிதான் என்பதை அப்புறம் வேறொரு விதத்தில் தெரிந்துகொண்டோம்.

மறுநாளே சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு அல் அவீருக்குப் போனேன். சோனாப்பூரிலிருந்து டாக்சி. கூடாரத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கில் செருப்புத் தேய்ந்த மண். குளிரூட்டிய கூடாரம், வரிசை, டோக்கன் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் வேலை இல்லாத ஆளை உள்ளே சுற்ற விடமாட்டார்கள். போனை எடுத்துப் படம் பிடித்தால் வேறு வம்பு வரும். வாசலில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவர் தோளையெல்லாம் பார்த்தேன். இப்படியே லீவும் டாக்சிக் காசும் போய்க்கொண்டிருந்தது. அங்கே உதவிக்கு வந்திருந்த தன்னார்வலர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், என்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்க் கூப்பிட்டார். படத்தைக் காட்டினேன். அவர் மாமாவைப் பார்க்கவே இல்லை. பின்னால் தொங்கிய பேனரைப் பார்த்தார்.

“தம்பி, இது இந்த வருசத்துப் படம் இல்ல. ‘நிலையைச் சரிசெய்து உன்னைப் பாதுகாத்துக்கொள்’னு இருக்கு பாரு, அது 2018 மன்னிப்போட வாசகம். அப்பவும் இங்கதான் கூடாரம் போட்டாங்க. பத்திரிகைக்காரங்க பழைய படத்தை எடுத்துப் போட்டிருக்காங்க.”

எனக்குத் தலை சுற்றியது. ஆறு வருடத்துக்கு முன்னால் நின்ற ஆளை நான் இன்றைக்கு வாசலில் நின்று தேடிக்கொண்டிருந்தேன்.

செய்திப் படத்தில் தெரிந்தவர் முகத்தைப் பார்த்தால் முதலில் பார்க்க வேண்டியது படம் எடுத்த தேதி. செய்தி வந்த தேதியும் படம் எடுத்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல பத்திரிகை ‘கோப்புப் படம்’ என்று சின்னதாகப் போடும். ஆனால் அந்தச் செய்தியை எடுத்து மறுபடி போடுகிற தளங்களும் வாட்ஸப்பும் அந்த ஒரு வரியைத்தான் முதலில் தின்றுவிடும். கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்தால் அதே படம் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். அப்படிக் கொடுக்கும்போது நமக்கு வேண்டிய ஆளை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுக்காதீர்கள். நான் முதலில் மாமாவை மட்டும் வெட்டிக் கொடுத்தேன், துண்டு விற்கிற கடைகளாக வந்தன. முழுப் படத்தையும் கொடுத்த பிறகுதான் வழி கிடைத்தது. வந்ததில் மேலே இருப்பதை விட்டுவிட்டுப் பழைய தேதி உள்ளதைத் தேட வேண்டும். 2018 ஆகஸ்டில் இங்கே ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் பக்கத்தில் அதே படம் இருந்தது. அளவும் பெரிது, கீழே படம் எடுத்தவர் பெயரும் இருந்தது. வாட்ஸப்பில் சுற்றி வருகிற படம் ஒவ்வொரு கையிலும் சுருங்கிக்கொண்டே வரும், மூலப் பக்கத்தில்தான் முகம் இருக்கும். மாமா கழுத்தின் வலது பக்கம் கரிமூட்டத்தில் பட்ட தழும்பு இருக்கிறது. மூலப் படத்தில் அது தெரிந்தது. அறையில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அழுதேன்.

சரி, 2018 ஆகஸ்டில் அவர் உயிரோடு துபாயில் இருந்திருக்கிறார். ஆனால் ஊருக்கு வரவில்லை. மன்னிப்புக் கூடாரத்துக்குள் வரைக்கும் போனவர் ஏன் போகாமல் இருந்தார்? அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பத்திரிகையின் பொது முகவரிக்கு எழுதினேன், பதில் இல்லை. படம் எடுத்தவரின் பெயரைப் பிடித்து நேரடியாக எழுதினேன். இரண்டு பத்திதான்: இன்ன படம், இன்ன இடத்தில் நிற்பவர் எங்கள் ஊர்க்காரர், குடும்பம் தேடுகிறது, அதே நாளில் எடுத்த வேறு படங்களில் அவர் இருக்கிறாரா. கூடவே என் ஐடி நகலையும், ஊரில் கோயில் திருவிழாவில் மாமா நிற்கிற பழைய படத்தையும் வைத்தேன். அவர்களுக்கும் பயம் இருக்குமே, கடன்காரனோ பழைய முதலாளியோ தேடுகிறானோ என்று. அந்த மனிதர் பதில் போட்டார். அதே வரிசையில் எடுத்த, அச்சில் வராத இன்னொரு படத்தையும் அனுப்பினார்.

அதில் மாமா திரும்பி நின்று பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆளின் டீ-சர்ட் முதுகில் ஒரு சலவைக் கடைப் பெயர் பாதியும், தொலைபேசி எண் முழுசாகவும் இருந்தது. எண் 06-இல் தொடங்கியது. துபாய் எண் என்றால் 04, அபுதாபி 02. 06 என்றால் ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன். துபாய் கூடாரத்தில் நிற்கிறவர் சட்டையில் ஏன் 06 என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கதையே அதில்தான் இருந்தது.

இதற்கு நடுவில் ஊரில் ஒரு கூத்து நடந்துவிட்டது. மாமாவின் பழைய படம் வேண்டும் என்று என் தம்பியிடம் கேட்டிருந்தேன். தம்பி போனை நோண்டிய பையன் ஒருவன் செய்திப் படத்தில் மாமா தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ‘இவரைக் கண்டால் தகவல் தரவும்’ என்று அத்தை நம்பரோடு முகநூலில் போட்டுவிட்டான். நல்ல எண்ணம்தான். பதிவு ஓடு ஓடென்று ஓடியது. மறுநாளே அத்தைக்கு ஒரு அழைப்பு. தமிழில்தான் பேசியிருக்கிறான். துபாய் ஜெயிலில் இருக்கிறார், மன்னிப்பில் விடுகிறார்கள், வக்கீல் பீஸ் நாற்பதாயிரம் இன்றைக்கே கட்டினால் வெள்ளிக்கிழமை விமானம் என்று. பின்னால் அரபியில் யாரோ பேசுகிற சத்தம் வேறு கேட்டதாம். அத்தை தோட்டை அடகு வைத்து, பக்கத்துக் கடைக்காரரின் போனிலிருந்து பணத்தை அனுப்பிவிட்டார். அனுப்பின பிறகுதான் எனக்குப் போன். “அப்பு, மாமா வெள்ளிக்கெழம வாராருப்பு, நீதான் கண்டுபிடிச்சியாமே” என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அது மாமா இல்லை, ஏமாற்றுக்காரன் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே அழைத்திருந்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு அந்த எண் அப்போது தெரியாது. மறுநாள் சாயங்காலம் புகார் கொடுத்தோம், அதற்குள் கணக்குக் காலி. பணத்தை விடுங்கள், அந்த வட்டத்தால் இன்னொரு ஆபத்தும் இருந்தது. விசா இல்லாமல் ஒளிந்து வேலை செய்கிற ஆளுக்கு ஊரே தன்னைத் தேடுகிறது என்று தெரிந்தால் அவர் வெளியே வரமாட்டார், இருக்கிற இடத்தையும் காலி செய்வார். இப்படிப்பட்டவர்களை இங்கே கல்லிவல்லி என்பார்கள். அவர்கள் முகத்தைப் பொதுவில் போடாதீர்கள். பையனை மிரட்டிப் பதிவை எடுக்க வைத்தேன்.

சலவைக் கடை எண் ஆறு வருடம் கழித்தும் வேலை செய்தது, என் அதிர்ஷ்டம். எடுத்தவர் பாலக்காட்டுக்காரர். நல்ல தமிழ். அந்த டீ-சர்ட் போட்ட ஆளே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவுக்குப் போய்ப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே படத்தைப் பார்த்தார்.

“அறியும். அண்ணாச்சி. ரெண்டு பேரையும் ஒரே கவுண்டர்ல திருப்பி விட்டாங்க. உங்க விசா துபாய் விசா இல்ல, ஷார்ஜா விசா, ஷார்ஜா ஆபீசுக்குப் போங்கன்னு. நான் அடுத்த வாரம் ஷார்ஜா போயி, ஆறு மாசத்துக்கு வேலை தேடுற விசா வாங்கி, இங்கயே நின்னுட்டேன். அவர் வரல. பயந்துட்டார்.”

இந்த ஒரு விஷயத்துக்காகவே இவ்வளவு நீளம் எழுதலாம். அமீரகம் என்பது ஏழு ஆட்சிப் பகுதி. விசாவை எது கொடுத்ததோ, அதன் குடியேற்ற அலுவலகம்தான் உங்கள் கோப்பைப் பார்க்கும். வேலை பார்த்த இடம் துபாயாக இருக்கலாம், தங்கியது அஜ்மானாக இருக்கலாம், அது கணக்கில்லை. விசாப் பக்கத்தில் கோப்பு எண் என்று ஒன்று இருக்கும். அது 201 என்று தொடங்கினால் துபாய், 101 என்றால் அபுதாபி, 301 என்றால் ஷார்ஜா, 401 என்றால் அஜ்மான். ‘மன்னிப்பா, அவீருக்குப் போ’ என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு மாமா அங்கே போயிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் அரபியிலும் ஆங்கிலத்திலும் சொன்னது மாமாவுக்கு ‘உனக்கு மன்னிப்பு கிடையாது’ என்றுதான் கேட்டிருக்கிறது. தப்பான வரிசையில் நின்றதற்கு ஆறு வருடம்.

ஷார்ஜா தொழிற்பேட்டைப் பகுதியில் பழைய கார்களைப் பிரித்து உதிரி பாகம் விற்கிற யார்டுகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றில் அவரைப் பார்த்ததாகச் சலவைக் கடைக்காரர் சொன்னார். ஒவ்வொரு யார்டாக நுழைந்து, ‘பம்பர் இருக்கா’ என்று கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு போனேன். நேராக ஆளைத் தேடுகிறேன் என்றால் பின்வாசல் வழியாக ஆள் போய்விடும். ஒரு யார்டில், அடுக்கி வைத்த கதவுகளுக்குப் பின்னால் ஒருவர் கியர்பாக்ஸைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். இடது தோள்.

“மாமா” என்றேன்.

அவர் நின்றார். கியர்பாக்ஸை இறக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார். நான் தனியாக வந்திருக்கிறேனா என்று பார்க்கிறார் என்று புரிந்தது.

“மாமா, நான் மேலவீட்டுப் பய. ஒத்தைலதான் வந்திருக்கேன்.”

“மாப்ளே” என்றார். அப்புறம்தான் அதைக் கீழே வைத்தார். “ஒங்க அத்த இருக்காளா?”

ஏழு வருடத்தில் அவருக்கு இருந்த ஒரே சந்தேகம் அது. வேறு குடும்பமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. டயர் அடுக்கிய கொட்டகைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு பை. கம்பெனி சம்பளம் போடாமல் நாலு மாதம் இழுத்திருக்கிறது. மற்றவர்களோடு இவரும் வெளியே வந்துவிட்டார். கம்பெனி இவரை ஓடிப்போனவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. பாஸ்போர்ட் கம்பெனியிடமே மாட்டிக்கொண்டது. போன் தொலைந்தபோது எண்களும் தொலைந்தன. ஒரு எண் கூடவா மனப்பாடமாக இல்லை என்று கோபமாகக் கேட்டேன். “இருந்துச்சு மாப்ளே. வட்டிக்காரன் வீட்டு வாசல்ல நிக்கிறான்னு அவ சொல்லுவா, நான் என்ன பதில் சொல்ல? அனுப்ப ஆரம்பிச்சதும் பேசுவோம்னு இருந்தேன்.” அதைக் கேட்டு எனக்குக் கோபம் குறையவில்லை, இன்றைக்கும் முழுதாகக் குறையவில்லை. ஆனால் அபராதக் கணக்கை அவர் காட்டியபோது கொஞ்சம் புரிந்தது. அவர் போட்ட கணக்கில் ஒரு நாளைக்கு 50 திர்ஹம், வருடத்துக்கு 18,250. ஏழு வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம் திர்ஹத்துக்கு மேல். அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் வருடா வருடம் கூட்டி எழுதி வைத்திருந்தார். நடுவில் ஒரு புரோக்கர் கேஸை எடுத்துத் தருகிறேன் என்று இரண்டாயிரம் திர்ஹம் வாங்கிக்கொண்டு மறைந்திருக்கிறான். மன்னிப்புக் காலத்தில் அந்த அபராதம் முழுக்கத் தள்ளுபடி. ஓடிப்போனதாகக் கம்பெனி கொடுத்த புகாரும் தடை இல்லை, பழைய முதலாளியிடம் போய் நிற்கவும் வேண்டாம். இதை அவர் நம்புவதற்கே ஒரு சாயங்காலம் பிடித்தது. “இப்படித்தான மாப்ளே அப்பவும் சொன்னாங்க” என்றார்.

அங்கிருந்தே வீடியோ அழைப்பு போட்டேன். அத்தை முதலில் பேசவில்லை, போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முன்பு ஒருவன் ஏமாற்றியிருக்கிறானே. “கழுத்தக் காட்டச் சொல்லு” என்றார். மாமா சட்டைக் காலரை விலக்கினார். அப்புறம் நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இனி காகித வேலை. தங்கிவிட்டவர் ஊருக்குப் போக இரண்டு தாள் வேண்டும், இரண்டும் வேறு வேறு அரசாங்கம் கொடுப்பது. பாஸ்போர்ட் இல்லாதவருக்கு நம் தூதரகம் கொடுக்கும் அவசரச் சான்றிதழ் முதலாவது, ஒரு முறை இந்தியாவுக்குப் போக மட்டும் செல்லும். நாட்டை விட்டு வெளியேற அமீரகக் குடியேற்றத் துறை கொடுக்கும் அனுமதி இரண்டாவது. பேச்சில் இரண்டையுமே அவுட்பாஸ் என்பார்கள், அதனால் ஒன்றை வாங்கிக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று விமான நிலையம் வரை போய்த் திரும்பியவர்களும் உண்டு. வரிசையும் முக்கியம். முதலில் சான்றிதழ், அப்புறம் வெளியேறும் அனுமதி, அதற்கப்புறம்தான் டிக்கெட்.

சான்றிதழுக்கு நீங்கள் இந்தியர் என்று காட்ட வேண்டும். பழைய பாஸ்போர்ட் நகல் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் ஊரில் விசாரித்து உறுதி செய்கிற வரை நாள் இழுக்கும், மன்னிப்புக்கோ கடைசித் தேதி இருந்தது. முதலில் அக்டோபர் 31 என்று சொல்லியிருந்தார்கள். நான் மாமாவைக் கண்டுபிடித்தபோது அது முடியப் போகிற நேரம், வயிற்றில் புளி கரைத்தது. டிசம்பர் 31 வரை நீட்டித்ததாக அறிவிப்பு வந்த அன்று கேம்ப்பில் எனக்குத் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். அத்தை தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் ஒரு நகலை எடுத்தார். 2016-இல் ஒரு தடவை ஊருக்கு வந்து போனபோது வங்கிக் கணக்குக்காக எடுத்ததாம். விசாப் பக்கமும் சேர்ந்திருந்தது. கோப்பு எண் 301-இல் தொடங்கியது. அந்தத் தாள் 2018-இல் மாமா கையில் இருந்திருந்தால் அவர் அவீர் பக்கமே போயிருக்க மாட்டார்.

நகல், வாக்காளர் அட்டைப் படம், புகைப்படம் எல்லாம் வைத்துத் தூதரக வேலைகளை வெளியே செய்கிற விண்ணப்ப மையத்தில் கொடுத்தோம். சந்தேகம் வரும்போதெல்லாம் தூதரகத்தின் உதவி மையத்துக்கு 80046342 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொண்டேன். டைப்பிங் கடை வாசலில் நிற்கிறவர்களைக் கேட்பதைவிட அது எவ்வளவோ மேல். வாசலில் ஒருவர் கேட்ட தொகை 1,500 திர்ஹம். அவர் செய்து தருவதாகச் சொன்னது, கவுண்டரில் காசில்லாமல் நடக்கிற வேலை.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஷார்ஜா குடியேற்ற அலுவலகம். மாமா முந்தின ராத்திரி தூங்கவில்லை. பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் அவ்வளவு ஊறியிருந்தது. கைரேகை எடுத்தார்கள். அந்த அதிகாரி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்த நேரத்தில் மாமா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார், அறுபதை நெருங்குகிற மனிதர். பேர் மேல் வேறு வழக்கு இல்லை. இதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்: மன்னிப்பு என்பது விசா அபராதத்துக்குத்தான். கிரெடிட் கார்டு, வங்கிக் கடன், திரும்பிய காசோலை என்று வழக்கு இருந்தால் பயணத் தடை விழும், அதை 2024 திட்டம் நீக்கவில்லை. அதைத் தனியாக முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். மாமா வங்கிப் பக்கமே போகாதவர், அந்த வகையில் தப்பினார்.

திருச்சிக்கு டிக்கெட் 520 திர்ஹம். என் லீவு, டாக்சி எல்லாம் சேர்த்து 1,100 திர்ஹம் போல ஆகியிருக்கும். இதெல்லாம் எனக்குப் பெரிசில்லை. அத்தையின் நாற்பதாயிரம்தான் இன்னும் உறுத்துகிறது, அது வரவே இல்லை. யார்டு முதலாளி கடைசி மாதச் சம்பளம் கொடுத்தார், மேலே 300 திர்ஹமும் ஒரு பெரிய பையும் கொடுத்தார். எல்லோரும் ஒரே மாதிரி இல்லை.

திருச்சியில் இறங்கியதும் குடியேற்ற அதிகாரிகள் மாமாவைத் தனியாக உட்கார வைத்து எப்போது போனாய், யார் அனுப்பினார், பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். சான்றிதழில் வருகிற எல்லோரையும் கேட்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் நகலும் வாக்காளர் அட்டையும் கையில் இருந்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். அந்தச் சான்றிதழை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் பின்னால் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால், அவசரச் சான்றிதழில் எப்போதாவது இந்தியா திரும்பினீர்களா என்று படிவத்திலேயே கேள்வி இருக்கும். ஆம் என்றால் அதன் எண், தேதி, கொடுத்த அலுவலகம் எல்லாம் எழுத வேண்டும். ஏறுவதற்கு முன்னாலேயே நகலெடுத்து ஊருக்கும் அனுப்பிவிடுங்கள். நான் தம்பிக்கு அனுப்பி வைத்திருந்தேன்.

போன மாதம் மாமா என்னிடம் போனில் அந்த நகலைக் கேட்டார், இந்தத் தடவை ஒழுங்கான விசாவில் வரலாமா என்று. தம்பியிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். பின்னாலிருந்து அத்தை குரல் கேட்டது. “அதை நான் எப்பவோ வாங்கி வச்சிட்டேன்னு சொல்லுங்க. கேட்டா குடுக்க மாட்டேன்னும் சொல்லுங்க.”